80 லட்சம் எப்படி 96 லட்சம் ஆகிறது?

ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். 20 ரிங் பிரேம்கள், ஒவ்வொன்றிலும் 1,200 ஸ்பிண்டில்கள். ஜனவரி மாதம் அடுத்த நிதியாண்டின் பட்ஜெட் படிவம் மெயின்டனன்ஸ் மேனேஜரின் மேசைக்கு வருகிறது. உதிரி பாகங்கள், எண்ணெய், பெல்ட், பேரிங், வெளி ஆட்களைக் கொண்டு செய்யும் பழுது வேலை எல்லாம் சேர்த்து அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறது நிர்வாகம். பல ஆண்டு அனுபவம் உள்ளவர் அவர். 80 லட்சம் ரூபாய் இருந்தால் போதும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் படிவத்தில் 96 லட்சம் என்று எழுதுகிறார்.

இந்த 96 வாய்க்கு வந்த எண் அல்ல. நிர்வாக இயக்குநர் ஒவ்வொரு ஆண்டும் எல்லாத் துறைகளுக்கும் பத்து சதவீதம் வெட்டுவார் என்பது மேனேஜருக்குத் தெரியும். எதிர்பாராமல் ஒரு கியர் பாக்ஸ் உடைந்தால் சமாளிக்க எட்டு சதவீதமாவது கையில் இருக்க வேண்டும் என்றும் நினைக்கிறார். 80 லட்சத்தோடு எட்டு சதவீதம் சேர்த்தால் 86.4 லட்சம். பத்து சதவீதம் வெட்டிய பிறகு 86.4 மிஞ்ச வேண்டுமானால் 96 கேட்க வேண்டும். கேட்கிறார், வெட்டுகிறார்கள், 86.4 கிடைக்கிறது. செலவைக் கட்டுப்படுத்திவிட்டோம் என்ற நிறைவு நிர்வாகத்துக்கு, தேவையானது கிடைத்துவிட்ட நிம்மதி மேனேஜருக்கு. ஆலையின் பணம் 6.4 லட்சம் மட்டும் ஒரு துறையின் கணக்குக்குள் வேலையில்லாமல் ஓராண்டு முடங்குகிறது.

உண்மையான தேவைக்கும் கேட்டு வாங்கிய தொகைக்கும் இடையே வேண்டுமென்றே விடப்படும் இந்த இடைவெளியைக் கணக்கியலில் பட்ஜெட் ஸ்லாக் என்பார்கள். அலுவலகப் பேச்சில் ‘பஃபர்’, அல்லது ‘கொஞ்சம் கூட்டிப் போடறது’. மைக்கேல் ஷிஃப், ஏரி லெவின் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1960-களின் இறுதியில் பெரிய நிறுவனங்களின் பிரிவு பட்ஜெட்டுகளை உள்ளே போய்ப் பார்த்தார்கள். ஒரு பிரிவின் இயக்கச் செலவு பட்ஜெட்டில் 20 முதல் 25 சதவீதம் வரைகூட இப்படிப்பட்ட பஃபராக இருக்கலாம் என்பது அவர்கள் கண்டது. நம் மேனேஜர் கேட்டதும் தேவைக்கு மேல் இருபது சதவீதம்தான்.

இதை நேர்மைக் குறைவு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. அதே ஆலைக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளதை உள்ளபடி 80 லட்சம் என்று எழுதுகிறார். அவருக்கும் அதே பத்து சதவீத வெட்டு. கைக்கு வருவது 72 லட்சம். ஆண்டு முடியும் முன்பே பணம் தீர்ந்துவிடும். பிப்ரவரியில் பேரிங் வாங்க முடியாமல் ஒரு பிரேம் நிற்கும். ‘ஏன் பட்ஜெட்டைத் தாண்டினீர்கள், ஏன் மெஷின் நின்றது’ என்ற இரண்டு கேள்விகளும் அவர் மீதே விழும். பக்கத்துத் துறைக்காரர் கூட்டிக் கேட்டு, வெட்டையும் வாங்கிக்கொண்டு, கணக்கை பட்ஜெட்டுக்குள் முடித்து நல்ல பெயர் எடுத்திருப்பார். அடுத்த ஜனவரியில் இந்தப் புதியவர் என்ன எழுதுவார் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே அளவு வெட்டு என்பது பார்க்க நியாயமாகத் தெரியும். நடைமுறையில் அது உண்மை சொன்னவரிடமிருந்து தசையையும், கூட்டிச் சொன்னவரிடமிருந்து கொழுப்பையும் எடுக்கிறது. மிகைப்படுத்தலைத் தடுக்க வந்த வெட்டே அதைக் கற்றுக்கொடுக்கும் பள்ளியாகிவிடுகிறது.

மேனேஜரிடம் ஏன் கேட்க வேண்டும், மேலிடமே தொகையை முடிவு செய்து கொடுத்துவிடலாமே என்று தோன்றலாம். ஒரு காலத்தில் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. 1950-களின் தொடக்கத்தில் கிறிஸ் ஆர்கிரிஸ் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பட்ஜெட் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்தார். மேலிருந்து திணிக்கப்பட்ட இலக்குகளை சூப்பர்வைசர்கள் தங்களை நெருக்கும் கருவியாகவே பார்த்தார்கள். நிதிப் பிரிவுக்கு எதிராக ஒன்று சேர்ந்தார்கள். தவறு நேர்ந்தால் பழியை அடுத்த துறைமீது தள்ளினார்கள். இன்னொன்றையும் அவர் கவனித்தார். சில இடங்களில் ‘உங்கள் கருத்து என்ன’ என்று கேட்கும் சடங்கு நடக்கும்; கேட்டு முடித்ததும் ஏற்கெனவே எழுதி வைத்த எண்ணில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அதை அவர் போலிப் பங்கேற்பு என்றார். இன்றைக்கும் பல நிறுவனங்களின் பட்ஜெட் கூட்டம் அந்தச் சடங்குதான்.

பங்கேற்பு பட்ஜெட் முறை வந்ததற்குக் காரணம் கருணை மட்டும் அல்ல. எந்த பிரேமின் ஸ்பிண்டில் ஆடுகிறது, எந்த மோட்டாரை இந்த ஆண்டு ரீவைண்டிங் செய்தே ஆக வேண்டும் என்பது தலைமை அலுவலகத்துக்குத் தெரியாது; மேனேஜருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்காமல் போட்ட பட்ஜெட் குருட்டு பட்ஜெட். கேட்டால், அவருக்கு மட்டும் தெரிந்த விஷயத்தை அவர் தனக்குச் சாதகமாகச் சொல்ல வழி பிறக்கிறது. யாருக்கு விவரம் தெரியுமோ அவருக்கே அதை மாற்றிச் சொல்லும் காரணமும் இருக்கிறது. இந்த முறையின் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

காரணம் எங்கிருந்து வருகிறது? அவர் எழுதும் ஒரே எண்ணுக்கு இரண்டு வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது. அது அடுத்த ஆண்டு எவ்வளவு பணம் தேவைப்படும் என்ற கணிப்பு. அதே சமயம் ஆண்டு முடிவில் அவரை எடைபோடும் அளவுகோலும் அதுதான். பட்ஜெட்டுக்குள் முடித்தால் போனஸ், தாண்டினால் இல்லை. தன்னை அளக்கப் போகும் கோலைத் தானே வெட்டிக் கொடுக்கச் சொன்னால் யாருமே கொஞ்சம் தாராளமாகத்தான் வெட்டுவார்கள். அதுவும் ஒரு ரூபாய் தாண்டினாலும் போனஸ் முழுவதும் போகும் என்ற விதி இருந்தால், இயல்பிலேயே எச்சரிக்கையான மனிதர் இன்னும் தாராளமாக வெட்டுவார்.

சேர்த்து வைத்த பஃபர் தேவைப்படாமல் போனாலும் அது திரும்பி வருவதில்லை. பிப்ரவரி முடிவில் நம் மேனேஜர் பார்க்கிறார்: 86.4 லட்சத்தில் 74 லட்சம்தான் செலவாகியிருக்கிறது. மார்ச்சில் ஆறு லட்சம் போனால் 80 லட்சத்தில் ஆண்டு முடிந்துவிடும். முடிந்தால் அடுத்த ஆண்டு பேச்சுவார்த்தை 80 லட்சத்திலிருந்து தொடங்கும். அதிலும் பத்து சதவீதம் போகும். ஆகவே மார்ச்சில் திடீரென்று பெல்ட், பேரிங், கருவிப் பெட்டி என்று ஆர்டர்கள் பறக்கின்றன. கணக்கு 85 லட்சத்தைத் தொட்டு நிற்கிறது. ஸ்டோர்ஸில் இரண்டு ஆண்டுக்குத் தேவையான பெல்ட் தூசி படிந்து கிடக்கிறது.

இந்த நோயை மிகப் பெரிய அளவில் அனுபவித்த நாடு சோவியத் யூனியன். ஜோசப் பெர்லினர் என்ற பொருளாதார அறிஞர், அங்கே தொழிற்சாலைகளில் வேலை பார்த்துவிட்டு வெளியேறியவர்களைப் பேட்டி கண்டு 1957-இல் ஒரு நூல் எழுதினார். ஆலை இயக்குநர்களின் கதை நம் மெயின்டனன்ஸ் மேனேஜரின் கதையேதான். திட்ட இலக்கை நூறு சதவீதம் எட்டினால் கணிசமான போனஸ். சற்றே குறைந்தாலும் அது போய்விடும். இலக்கை நிறையத் தாண்டினாலோ அடுத்த ஆண்டு இலக்கு அங்கேயே ஏறி உட்கார்ந்துவிடும். ஆகவே அவர்கள் ஆலையின் திறனைக் குறைத்துச் சொன்னார்கள். மூலப்பொருளும் ஆட்களும் தேவைக்கு மேல் கேட்டு வாங்கிப் பதுக்கினார்கள். இலக்கைத் தாண்டும்போதும் கொஞ்சமாகத்தான் தாண்டினார்கள். இந்தப் பாதுகாப்பு இடைவெளிக்கு அவர்கள் ‘ஸ்த்ராஹோவ்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். காப்பீடு என்று பொருள். தனியார் லாபமே இல்லாத ஒரு பொருளாதாரத்திலும், லாபத்துக்காகவே நடக்கும் அமெரிக்க நிறுவனத்திலும் ஒரே பழக்கம் முளைத்திருக்கிறது என்றால், வேர் மனிதர்களின் குணத்தில் இல்லை, அவர்கள் நிற்கும் ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சோவியத் திட்டக்காரர்கள் 1970-களின் தொடக்கத்தில் ஒரு புது போனஸ் விதியைக் கொண்டுவந்தார்கள். மார்ட்டின் வைட்ஸ்மன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1976-இல் அதன் கணிதத்தை ஆராய்ந்து எழுதிய பிறகு, உலகெங்கும் கணக்கியல் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். யோசனை எளிமையானது: போனஸில் ஒரு பகுதி, நீ முன்கூட்டிச் சொல்லும் எண் எவ்வளவு துணிச்சலானது என்பதற்கு. மறு பகுதி, சொன்ன எண்ணுக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. அவர்கள் அதை உற்பத்திக்குப் பயன்படுத்தினார்கள். நாம் அதைத் திருப்பிப் போட்டு, நூற்பாலைச் செலவுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

ஆலை 100 லட்சத்தை ஒரு தொடக்கக் கோடாக வைக்கிறது. மூன்று விதிகள். மேனேஜரின் மதிப்பீடு 100-க்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு லட்சத்துக்கும் அவருக்கு 2,000 ரூபாய். உண்மைச் செலவு அவர் சொன்ன மதிப்பீட்டுக்குக் கீழே இருந்தால், அந்த ஒவ்வொரு லட்சத்துக்கும் 1,000 ரூபாய் கூடுதல். மதிப்பீட்டைத் தாண்டினால் ஒவ்வொரு லட்சத்துக்கும் 3,000 ரூபாய் கழிவு.

உண்மைத் தேவை 80 லட்சம் என்று அவருக்குத் தெரியும். வழக்கம்போல் 96 என்று எழுதினால் தொடக்கக் கோட்டிலிருந்து நான்கு லட்சம்தான் இறங்கியிருக்கிறார், அதற்கு 8,000. ஆண்டு முடிவில் 16 லட்சம் மிச்சம் காட்டுவார், அதற்கு 16,000. மொத்தம் 24,000 ரூபாய். 80 என்று உண்மையை எழுதினால் 20 லட்சம் இறக்கத்துக்கு 40,000 ரூபாய் முழுதாகக் கிடைக்கிறது. வீரம் காட்டி 72 என்று எழுதினால் 28 லட்சம் இறக்கத்துக்கு 56,000 வரும். ஆனால் எட்டு லட்சம் தாண்டியதற்கு 24,000 போய், கையில் நிற்பது 32,000. கூட்டிச் சொன்னாலும் நஷ்டம், குறைத்துச் சொன்னாலும் நஷ்டம். பஃபராகச் சேர்க்கும் ஒவ்வொரு லட்சத்துக்கும் 2,000 ரூபாயை விட்டுக்கொடுத்து 1,000-ஐ மட்டுமே திரும்பப் பெறுகிறார். 80 என்று சொல்லிவிட்டு உழைத்து 78-இல் முடித்தால் 42,000 கிடைக்கும். ஆக சிக்கனம் செய்யும் ஆசையும் குறையவில்லை. மிச்சத்துக்கான விலை குறைவாகவும், மதிப்பீட்டுக்கான விலை நடுவிலும், தாண்டியதற்கான விலை அதிகமாகவும் இருக்க வேண்டும். இந்த வரிசை கலைந்தால் விதியின் உயிர் போய்விடும்.

வாழ்க்கையில் எந்த மேனேஜருக்கும் 80 என்று துல்லியமாகத் தெரியாது என்பது நியாயமான ஆட்சேபம். 74-ம் ஆகலாம், 88-ம் ஆகலாம். இந்த விதியின் அழகே அங்கேதான் வெளிப்படுகிறது. மேலே சொன்ன 1,000, 2,000, 3,000 என்ற விலைகளில், தாண்டுவதற்கும் தாண்டாமல் இருப்பதற்கும் சரிபாதி வாய்ப்புள்ள எண்ணைச் சொல்வதே மேனேஜருக்கு அதிக லாபம். தாண்டியதற்கான கழிவை 3,000-லிருந்து 5,000-ஆக உயர்த்தினால், தாண்டும் வாய்ப்பு நான்கில் ஒன்று மட்டுமே உள்ள எண்ணைச் சொல்வது லாபம். அதாவது அவர் கொஞ்சம் பஃபர் சேர்த்துத்தான் சொல்வார். எவ்வளவு பஃபர் வேண்டும் என்று நிர்வாகமே வெளிப்படையாகத் தேர்ந்தெடுத்து, அதை விலையில் எழுதி வைத்துவிடலாம். எங்கோ ஒளித்து வைத்த பஃபரைத் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் சோவியத் யூனியனில் இது காப்பாற்றவில்லை. விதி ஓராண்டுக்கு மட்டும் உண்மையைச் சொல்ல வைக்கும். இந்த ஆண்டு 80 என்று சொன்னவருக்கு அடுத்த ஆண்டு தொடக்கக் கோடு 100-லிருந்து 85-க்கு இறங்கினால், உண்மை சொன்னதற்கு அடுத்த ஆண்டு தண்டனை கட்டினதாகிவிடும். அங்கே அந்தப் பயம் போகவில்லை. நம் ஆலை இதைச் செய்ய விரும்பினால் தொடக்கக் கோட்டை மூன்று ஆண்டுக்காவது தொடமாட்டோம் என்று எழுதிக் கொடுத்து, சொன்னபடி நிற்க வேண்டும். இரண்டாவது எல்லை மனித மனம். வில்லியம் வாலர் 1988-இல் வெளியிட்ட பரிசோதனையில், இத்தகைய விதி இடர்ப்பாட்டைப் பொருட்படுத்தாதவர்களிடம் பஃபரைக் குறைத்தது. இடர்ப்பாட்டுக்கு அஞ்சுபவர்களிடம் அது பலிக்கவில்லை. மூன்றாவதாக, மெயின்டனன்ஸில் செலவைக் குறைக்க மிக எளிய வழி வேலையையே செய்யாமல் விடுவது. மாற்ற வேண்டிய பேரிங்கை மாற்றாமல் விட்டால் மார்ச்சில் போனஸ் வரும், ஜூலையில் மெஷின் நிற்கும். ஆகவே நிறுத்த நேரம் எத்தனை மணி என்ற கணக்கையும் போனஸோடு சேர்த்துக் கட்டாவிட்டால் இந்த விதியை இந்தத் துறையில் கொண்டுவரவே கூடாது.

சின்ன, நடுத்தர நிறுவனம் எதுவும் இவ்வளவு நுணுக்கமான போனஸ் விதியில் தொடங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: தொகையைக் கேட்காமல் அதன் கணக்கைக் கேட்பது. பஃபர் மொத்தத் தொகையில் ஒளிவதில்லை. அதைப் பெற்றெடுத்த அனுமானங்களில்தான் ஒளிகிறது.

ரிங் பிரேமில் டிராவலர் என்ற சின்னஞ்சிறு உலோக வளையம் ஒன்று உண்டு. ஸ்பிண்டிலுக்கு ஒன்று, வளையத்தின் விளிம்பில் அதிவேகமாகச் சுற்றித் தேய்வதால் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றியாக வேண்டும். நம் ஆலையில் 24,000 ஸ்பிண்டில்கள். ஆயிரம் டிராவலரின் விலை 600 ரூபாய் என்றும், ஆண்டுக்கு 360 நாள் ஓட்டம் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 12 நாளுக்கு ஒருமுறை மாற்றினால் ஆண்டுக்கு 30 முறை, 7,20,000 டிராவலர், 4.32 லட்சம் ரூபாய். பட்ஜெட்டில் மேனேஜர் எழுதியிருப்பது 5.76 லட்சம். மொத்தத்தை மட்டும் பார்க்கிறவர் ‘சரி, பத்து சதவீதம் குறை’ என்பார். கணக்கைக் கேட்கிறவர் உட்கார வைத்துப் பேசுவார்.

“டிராவலருக்கு எத்தனை நாள் ஆயுசு போட்டிருக்கீங்க?”

“ஒன்பது நாள் சார். ஸ்பீடு கூட்டியிருக்கோம், சீக்கிரம் எரிஞ்சு போயிடுது.”

“எத்தனை பிரேம்ல ஸ்பீடு கூட்டினோம்?”

“எட்டு பிரேம்ல சார்.”

“அப்ப மீதி பன்னிரண்டுக்கும் ஒன்பது நாள் எதுக்கு?”

மேனேஜர் சொன்ன காரணம் பொய்யில்லை. வேகம் கூடினால் டிராவலர் சூடேறி விரைவில் தேய்வது உண்மைதான். உண்மையான ஒரு காரணத்தை அது பொருந்தாத பன்னிரண்டு பிரேம்களுக்கும் நீட்டியதில்தான் பஃபர் பிறந்தது. எட்டு பிரேமுக்கு ஒன்பது நாள், பன்னிரண்டு பிரேமுக்குப் பன்னிரண்டு நாள் என்று போட்டால் 8,16,000 டிராவலர், 4.9 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பஃபர் ஏறத்தாழ 86,000 ரூபாய் குறைந்தது. வேகம் கூடிய பிரேம்களுக்குத் தேவையான கூடுதல் பணமும் முழுதாகக் கிடைத்தது. பத்து சதவீத வெட்டு இந்த இரண்டில் ஒன்றைக்கூடச் செய்திருக்காது.

இப்படிக் கேட்க, கேட்பவருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டோர்ஸின் இஷ்யூ பதிவேட்டில் இரண்டு ஆண்டுக் கணக்கைப் பார்த்தாலே டிராவலர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வெளியே போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். வெளியிலிருந்தும் அளவுகோல் கிடைக்கும். கோவையில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா, ஆலைகளின் செலவையும் உற்பத்தித் திறனையும் ஒன்றோடொன்று ஒப்பிடும் ஆய்வுகளை நடத்துகிறது. ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை ஆள் என்பதில் தன் ஆலை எங்கே நிற்கிறது என்று ஒரு முதலாளியால் பார்க்க முடியும். ‘நம்ம மெஷின் பழசு சார்’ என்ற பதில் அப்போது தன் காலிலேயே நிற்க வேண்டியிருக்கும். ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் இருவருக்கும் தெரிந்துவிட்டால் கூட்டிச் சொல்ல இடம் சுருங்குகிறது. கண்காணிப்பு என்பதன் பெரும்பகுதி இதுதான்.

அனுமானங்கள் வெளியே வந்ததும் இன்னொரு வசதி கிடைக்கிறது. 80 லட்சத்தில் 35 லட்சம் மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் செலவு, 45 லட்சம் ஓடும் நேரத்தைப் பொறுத்தது என்று பிரித்து எழுதலாம். நூல் விற்காமல் ஆலை பத்து சதவீதம் குறைவாக ஓடினால் நியாயமான செலவு 75.5 லட்சம். பழைய முறையில் 86.4 வாங்கி 84 செலவழித்த மேனேஜர் 2.4 லட்சம் மிச்சம் பிடித்தவராகத் தெரிவார். உற்பத்தியோடு சேர்ந்து ஏறி இறங்கும் நெகிழ் பட்ஜெட்டில் அதே மனிதர் 8.5 லட்சம் அதிகம் செலவழித்திருக்கிறார். ஆலை அதிகமாக ஓடினால் அவருக்கு அதிகப் பணம் தானாகவே கிடைக்கும் என்பதால், அந்தப் பயத்துக்காக அவர் பஃபர் சேர்க்கத் தேவையும் இல்லை.

ஒரு துறையில் பஃபர் இருக்கிறதா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான்: உற்பத்தி ஏறினாலும் இறங்கினாலும் செலவு பட்ஜெட்டின் 97, 98 சதவீதத்தில் போய் நிற்கிறதா? உண்மையான செலவு அப்படி நிற்காது, ஆடும். அடுத்து, வெட்டியவுடன் வாதாடாமல் ஒப்புக்கொள்கிறார்களா என்று பார்ப்பேன். பத்து லட்சத்தை ஒரு நிமிடத்தில் விட்டுக்கொடுக்க முடிந்தவருக்கு அந்தப் பத்து லட்சம் தேவைப்பட்டதே இல்லை. பிறகு மார்ச் மாதச் செலவு.

அந்த மார்ச் செலவை இந்திய அரசும் அறியும். கடைசிக் காலாண்டில் ஆண்டு ஒதுக்கீட்டின் 33 சதவீதத்துக்கு மேலும், மார்ச்சில் மட்டும் 15 சதவீதத்துக்கு மேலும் போகக்கூடாது என்று நிதி அமைச்சகம் துறைகளுக்கு வரம்பு வைத்திருக்கிறது. வரம்பு அவசரத்தைப் பரப்பிவிடும். அவசரத்தின் காரணத்தைத் தொடாது. அமெரிக்க மத்திய அரசின் 2004 முதல் 2009 வரையிலான கொள்முதலை ஆராய்ந்த ஜெஃப்ரி லீப்மன், நீல் மஹோனி இருவரும், நிதியாண்டின் கடைசி வாரத்தில் மற்ற வாரங்களின் சராசரியைப் போல 4.9 மடங்கு செலவு நடப்பதைக் கண்டார்கள். அந்த வாரத்தில் தொடங்கிய தகவல் தொழில்நுட்பத் திட்டங்களின் தரமும் தெளிவாகக் குறைந்திருந்தது. நீதித் துறைக்கு மட்டும், மிச்சமான பணத்தை அடுத்த ஆண்டுத் தொழில்நுட்பத் தேவைக்கு எடுத்துச் செல்ல விசேஷ அனுமதி இருந்தது. அங்கே அந்தச் சரிவு காணப்படவில்லை. நம் ஆலையிலும் மிச்சத்தில் பாதியை அடுத்த ஆண்டு துறையே வைத்துக்கொள்ளலாம் என்று விதித்தால், தேவையில்லாத பெல்ட்டை மார்ச்சில் வாங்க ஒரு காரணம் குறைகிறது.

இவ்வளவும் செய்த பிறகும் பஃபரைப் பூஜ்யமாக்கிவிடலாமா? கூடாது என்பதே என் பக்கம். கியர் பாக்ஸ் எப்போது உடையும் என்று யாருக்கும் தெரியாது. ரிச்சர்ட் சயர்ட், ஜேம்ஸ் மார்ச் இருவரும் 1963-இல் எழுதிய நூலில் சொன்னபடி, நிறுவனத்துக்குள் இருக்கும் தளர்வு நெருக்கடியில் அதிர்ச்சியைத் தாங்குகிறது. அது இல்லாத ஆலையில் ஒவ்வொரு சின்ன உடைப்பும் ஒரு அவசரக் கடிதமாகும். மாற்ற வேண்டியது அந்தப் பணம் இருக்கும் இடம். ஒரு ஆலையில் எட்டுத் துறைகள் இருந்து ஒவ்வொன்றும் எட்டு சதவீதம் ஒளித்து வைத்தால், எட்டுக்கும் ஒரே ஆண்டில் இடி விழும் என்ற கணக்கில் பணம் முடங்குகிறது. அப்படி எல்லாம் ஒன்றாக நடப்பது அபூர்வம். மூன்று சதவீதம் ஒரே இடத்தில், நிர்வாக இயக்குநரின் கையில் பெயரோடு இருந்தால் பெரும்பாலும் போதும்.

ஆனால் அந்த நிதியிலிருந்து பணம் வாங்குவது எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கியர் பாக்ஸ் உடைந்த அன்று மேனேஜர் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் பணம் வர வேண்டும். அதற்காக அவர் மதிப்பீட்டில் பிழைத்தவர் என்று குறித்து வைக்கவும் கூடாது. மூன்று கையெழுத்துக்கும் இரண்டு வாரக் காத்திருப்புக்கும் ஒரு திட்டுக்கும் பிறகுதான் பணம் வரும் என்றால், அடுத்த ஜனவரியில் டிராவலருக்கு மறுபடியும் ஒன்பது நாள் ஆயுசுதான்.